450 பாகையில் அமோனியா கூடுமா?

"மகள் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறாள். தனியார் வகுப்பில் கொடுத்த அச்சுத்தாளில் '450 பாகையில் சமநிலை அமோனியாப் பக்கம் நகரும்' என்று இருக்கிறது. பாடசாலை ஆசிரியரோ வெப்பம் குறைந்தால்தான் அமோனியா கூடும் என்கிறார். பரீட்சையில் எதை எழுதுவது?" – ஒரு தாய், வெள்ளவத்தை

பாடசாலை ஆசிரியர் சொன்னதை எழுதச் சொல்லுங்கள். அச்சுத்தாளில் இருப்பது பிழை.

N₂ + 3H₂ ⇌ 2NH₃ என்ற தாக்கம் அமோனியாப் பக்கம் போகும்போது வெப்பத்தை வெளிவிடும். வெளியிலிருந்து மேலும் சூடேற்றினால், அந்த வெப்பத்தை உறிஞ்சும் பக்கத்துக்கு, அதாவது அமோனியா உடையும் பக்கத்துக்கு, சமநிலை நகரும். 200 வளிமண்டல அமுக்கத்தில் நைதரசனையும் ஐதரசனையும் 1:3 என்று கலந்து சமநிலை அடையவிட்டால், 300 பாகை செல்சியசில் கலவையில் நூற்றுக்கு ஏறத்தாழ 63 பங்கு அமோனியா இருக்கும். 400 பாகையில் அது 36 அளவுக்கு இறங்கும். 500 பாகையில் 18 தேறுவதே கடினம்.

அப்படியிருந்தும் ஆலைகள் 400 முதல் 500 பாகை வரை சூடேற்றுவது வேகத்துக்காக. நைதரசன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு இலேசில் உடையாது. இரும்பு ஊக்கி இருந்தாலும் வெப்பநிலை குறைந்தால் தாக்கம் மிகவும் மந்தமாகிவிடும். 63 பங்கு கிடைக்கும்வரை எந்த ஆலையும் காத்திருக்க முடியாது. ஆகவே 450 பாகை என்பது விளைவில் கொஞ்சம் இழந்து வேகத்தை வாங்கும் ஏற்பாடு. ஊக்கி இரு திசைத் தாக்கங்களையும் ஒரே அளவில் விரைவாக்கும். சமநிலையை அது நகர்த்தாது.

இழந்த விளைவை மீட்க அமுக்கம் உதவுகிறது. சமநிலை மாறிலி K என்பது அமோனியாச் செறிவின் வர்க்கத்தை, நைதரசன் செறிவும் ஐதரசன் செறிவின் கனமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்து வருவது. கலனின் கனவளவைப் பாதியாக்கினால் எல்லாச் செறிவும் இரட்டிக்கும். மேலே 4 மடங்கு, கீழே 2 × 8 = 16 மடங்கு; விகிதம் K இன் காற்பங்காக விழுந்துவிடும். மீண்டும் K ஐ எட்டும்வரை அமோனியா உருவாகும். K மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே. "அமுக்கம் கூடினால் K கூடும்" என்று ஒரு தாளில் கண்டால், அந்தத் தாளை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

செறிவுக்கும் இதே கணக்குத்தான். கலவையைக் குளிர்வித்தால் அமோனியா மட்டும் திரவமாகி வடிந்துவிடும். மிஞ்சிய வாயுக்களைத் திரும்ப ஊக்கியின் மேல் அனுப்புவார்கள். ஒரு சுற்றில் 15 பங்கு அளவே மாறினாலும், சுற்றிச் சுற்றி வருவதால் கடைசியில் ஏறக்குறைய எல்லாமே அமோனியாவாகிவிடுகிறது.

பிள்ளைகள் கூடுதலாகத் தடுக்கி விழும் இடம் ஆகன். தாக்கம் புரியாத இந்த வாயுவைச் சேர்த்தால் என்ன ஆகும்? "மொத்த அமுக்கம் கூடும், எனவே அமோனியா கூடும்" என்று அச்சுத்தாள்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கின்றன. மூடிய கலனில் கனவளவு மாறாமல் ஆகனைச் செலுத்தினால் மொத்த அமுக்கம் கூடுவது உண்மைதான். ஆனால் நைதரசன், ஐதரசன், அமோனியா எதனுடைய செறிவும் மாறவில்லை, சமநிலை அசையாது. மொத்த அமுக்கத்தை மாறாமல் வைத்துக்கொண்டு ஆகனைச் சேர்த்தால் கதை வேறு. கனவளவு விரியும், மூன்று வாயுக்களின் செறிவும் குறையும், சமநிலை இடப்பக்கம் நகரும். ஆலையில் நடப்பது இந்த இரண்டாவதுதான். காற்றிலிருந்து நைதரசனோடு சேர்ந்து வரும் ஆகன் திரவமாகவும் மாட்டாது, தாக்கம் புரியவும் மாட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் சுற்றும் வாயுவில் ஒரு சிறு பங்கை இடைவிடாமல் வெளியேற்றுகிறார்கள், அதில் நல்ல ஐதரசனும் சேர்ந்து போகும் என்று தெரிந்திருந்தும். கேள்வியில் "மாறாக் கனவளவு" என்று இருக்கிறதா, "மாறா அமுக்கம்" என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே மகள் பேனாவைத் தொட வேண்டும்.

காலி வீதி நெடுகப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் "அனுமான வினாத்தாள்" என்ற பெயரில் விற்கப்படும் கட்டுகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அவற்றைத் தொகுப்பவர்களில் பலர் பாடம் கற்பித்தவர்களே அல்லர்; பழைய தாளைப் பிரதியெடுத்து, விடையில் உள்ள பிழையையும் சேர்த்து விற்கும் தரகர்கள். இவற்றைத் திருத்திப் பார்க்க ஒருவரும் பொறுப்பில்லை என்பதும், அறியாத பிள்ளை புள்ளியை இழப்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. கடந்தகால வினாத்தாள்களும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டமும் போதும். "வெப்பநிலை 450 பாகையாகத் தெரிவுசெய்யப்படுவது ஏன்?" என்று வந்தால், தாழ்ந்த வெப்பநிலை சமநிலைக்குச் சாதகம், உயர்ந்த வெப்பநிலை வேகத்துக்குச் சாதகம், இது இரண்டுக்கும் இடைப்பட்ட தெரிவு என்று மூன்றையும் எழுத வேண்டும்.