பீரோவுக்கு எதற்குக் காது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு காதிலும் 60 டெசிபல் அளவுக்குக் குறை இருப்பதைத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். மே மாதக் கடைசியில் காது மிஷின் வாங்கினோம். ஜூனில் புதிய பள்ளி, இரண்டாம் வகுப்பு. டீச்சரிடம் சொல்லி முதல் பெஞ்சில் இடமும் வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டாவது பீரியடுக்குள் மிஷினைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் ஒளித்துவிடுகிறாள். ஒரே இரைச்சல், கூய் என்று கத்துகிறது, தலை வலிக்கிறது என்கிறாள். வீட்டில் பிரச்சினை இல்லை. நாங்கள் சத்தமாகப் பேசிவிடுவோம். அதனால் பள்ளியிலிருந்து வந்ததும் மிஷினை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். விலை உயர்ந்த பொருள், பேட்டரியும் மிச்சமாகும். நாலு பேர் வந்துபோகிற வீட்டில் அது கண்ணில் பட வேண்டாம் என்பது மாமியாரின் எண்ணம். பழைய பள்ளிக்கே மாற்றிவிடலாமா? அங்கே மிஷின் இல்லாமலே ஓரளவு படித்தாள்.

– பெயர் வெளியிட விரும்பாத தாய், ஈரோடு

பதில்: பள்ளியை விடுங்கள். பீரோவைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மகள் மிஷினைப் பென்சில் டப்பாவில் ஒளிப்பதாகக் குறைப்படுகிறீர்கள். நீங்கள் அதைப் பீரோவில் ஒளிக்கிறீர்கள். உங்களுடையது பெரிய டப்பா, பூட்டும் உண்டு. வேறு என்ன வித்தியாசம்? காதில் இருப்பது நாலு பேர் பார்க்கக் கூடாத பொருள் என்று அவளுக்குப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் மாலை நாலரை மணிக்கு அவள் சொந்த வீட்டில் அந்தப் பாடம் நடக்கிறது.

இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்குத் தலை வலிப்பதற்கும் இந்தப் பீரோதான் பெரும் காரணம்.

ஏழு வருடமாக அவளுடைய மூளைக்கு மெல்லிய சத்தங்கள் போய்ச் சேரவே இல்லை. மின்விசிறி சுற்றுவது, செருப்பு தேய்வது, பக்கத்தில் ஒருவர் தாளைப் புரட்டுவது எல்லாம் அவளுக்குப் புதிது. நமக்கும் அவை கேட்கின்றன. ஆனால் இது வேண்டாத சத்தம் என்று மூளை சின்ன வயதிலேயே ஒதுக்கப் பழகிவிட்டது. அவளுடைய மூளை அந்தப் பழக்கத்தை இப்போதுதான் தொடங்க வேண்டும். அதற்கு அமைதியான இடமும், தெரிந்த குரல்களும், இது என்ன சத்தம் என்று கேட்டால் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். வீடு அதற்கென்றே அமைந்த இடம். நீங்கள் வீட்டில் மிஷினைப் பூட்டிவிட்டு, நாற்பது பிள்ளைகள் பெஞ்சை இழுத்துக் கத்துகிற வகுப்பறையில் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள். நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் இறக்கிப் பழக்காமல் நேராக ஆற்று வெள்ளத்தில் தள்ளுகிற வேலை இது. இரண்டாவது பீரியடு வரை அவள் தாங்குகிறாளே, அதுவே பெரிது.

என் தங்கை மகளுக்கு ஆறு வயதில் மிஷின் போட்டார்கள். அதுவும் கோடை விடுமுறை, அதுவும் புதுப் பள்ளிக்கு முன்னால்தான். முதல் நாள் சமையலறையில் கடுகு வெடித்த சத்தத்துக்கு அழுதுவிட்டாள். தங்கை மிஷினைக் கழற்றவில்லை. அவளை அடுப்பருகே தூக்கிக்கொண்டு போய், மறுபடி நாலு கடுகைப் போட்டுக் காட்டினாள். அடுத்து மிக்சி, பிறகு குழாய்த் தண்ணீர், பிறகு வாசலில் கீரைக்காரர். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி, எங்கிருந்து வருகிறது என்று காட்டினாள். முதலில் வீட்டுக்குள், அப்புறம் தெருவில், கடைசியில் கல்யாண மண்டபத்தில். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழற்றினார்கள். பள்ளி திறந்தபோது வகுப்பறை இரைச்சல் அவளுக்குப் பிடிக்கவில்லைதான், ஆனால் அதில் எது ஃபேன், எது டீச்சர் என்று பிரித்துவிட்டாள்.

‘சத்தமாகப் பேசிவிடுவோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வீடு இதைத்தான் சொல்கிறார்கள். மூன்றடி தூரத்தில் நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல் இருக்கும். உங்கள் மகளுக்குக் கேட்கத் தொடங்குவதே அங்கேதான். குரலை உயர்த்தினால் ஆ, ஓ போன்ற உயிரொலிகள்தான் பெரிதாகின்றன. க, ச, த, ப ஆகியவை ஒரு நொடிகூட நிற்காத மெல்லிய ஒலிகள், கத்தினாலும் அந்த அளவுக்குப் பெருகுவதில்லை. அவளுக்குப் பின்னால் நின்று, மிஷின் இல்லாமல், ‘கடி’ என்றும் ‘தடி’ என்றும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும். எந்தச் சொல் என்பது தெரியாது. வீட்டில் அவளுக்குப் ‘பிரச்சினை இல்லாமல்’ இருப்பதற்குக் காரணம், உங்கள் உதட்டையும் முகத்தையும் பார்த்து மீதியை அவளே ஊகித்துக்கொள்வதுதான். பழைய பள்ளியில் ‘ஓரளவு படித்ததும்’ இப்படித்தான், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து. ஒன்றாம் வகுப்பில் அது செல்லும். பாடம் நீளமாகி, டீச்சர் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய வகுப்பில் செல்லாது. மாற்ற வேண்டாம்.

பேட்டரிக் கணக்குக்கு வருகிறேன். கழற்றி அணைத்து வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பொத்தான் மாதிரி இருக்கிற அந்தப் பேட்டரிக்குள் இருப்பது துத்தநாகம். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் அடியிலுள்ள நுண்துளை வழியாகக் காற்று உள்ளே போகிறது, வேலை தொடங்கிவிடுகிறது. ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் முழுதாக நிற்பதில்லை. பீரோவில் சும்மா கிடந்தாலும் அது மெல்லத் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். நாள் முழுவதும் போட்டாலும் ஒரு பேட்டரி ஒன்று முதல் இரண்டு வாரம் வரை வருகிறது. இந்தச் சில ரூபாய்க்காகப் பிள்ளையின் தினசரி ஐந்து மணி நேரத்தைப் பூட்டி வைப்பது சிக்கனமா? எனக்கு வேறு வார்த்தை வாயில் வருகிறது, பத்திரிகையில் எழுத முடியாது. (பூட்ட வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது புதிய பேட்டரிப் பட்டை. குட்டிப் பிள்ளைகள் விழுங்கினால் உள்ளே புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் காலத்து மிஷின்களில் பெரும்பாலானவை, ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் போடப்பட்டது என்று தாமே குறித்துவைக்கின்றன. அடுத்த முறை ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் இணைத்தால் உங்கள் பீரோவும் அவளுடைய பென்சில் டப்பாவும் சேர்ந்து தெரியும். காலை எட்டரைக்குப் போட்டு, பத்தரைக்குள் கழற்றினால் இரண்டு மணி நேரம். அவள் விழித்திருப்பது பதினான்கு மணி நேரம்.

இனி அவள் சொன்ன புகார். இரைச்சலும், கூய் என்று கத்துவதும் இரண்டு வேறு விஷயங்கள். நீங்கள் ஒன்றாகப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். கூய் என்று விசில் அடித்தால், காதுக்குள் பொருந்துகிற மாதிரி அச்செடுத்துச் செய்த மோல்டு சரியாக உட்காரவில்லை என்று பொருள். உள்ளே போன ஒலி இடுக்கு வழியாக வெளியே கசிந்து, மைக்கில் விழுந்து, மறுபடி பெருகுகிறது. மோல்டின் மேல் நுனி காது மடிப்புக்குள் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் மாட்டினால் அந்த நுனிதான் வெளியே நிற்கும். நன்றாக மாட்டியும் விசில் நிற்காவிட்டால், காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது மோல்டு சிறிதாகியிருக்கலாம். நீங்கள் அவளைக் கட்டிப்பிடிக்கும்போது அடிக்கும் விசில் வேறு. கன்னமோ கையோ மைக் அருகில் வந்தால் அது வரும், பயப்பட வேண்டாம், அதற்காகக் கட்டிப்பிடிப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

இரைச்சல் என்பது பழகப் பழகக் குறையும். ஆனால் தட்டு விழுந்தாலோ மணி அடித்தாலோ அவள் முகம் சுளித்துக் காதைப் பொத்தினால், அது பழக்கம் அல்ல. மிஷின் வெளிவிடும் உச்ச ஒலி அவளுக்கு அதிகமாக வைக்கப்பட்டிருக்கலாம். எந்தச் சத்தத்துக்குப் பொத்தினாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள். ‘தலை வலிக்கிறது என்கிறாள்’ என்று பொதுவாகச் சொன்னால் அவர் எதைத் திருத்துவார்?

காலையில் மிஷினை மாட்டியதும் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஒரு நிமிடம் போதும். அவளுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று, உங்கள் வாய் தெரியாமல், சாதாரணக் குரலில் ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வரிசையை மாற்றி, நடுவே இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சின் கனத்த ஒலி முதல் மெல்லிய ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். தினமும் ஸ் சொல்கிறவள் ஒரு நாள் சொல்லாவிட்டால், முதலில் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு மோல்டின் துளையில் அழுக்கும் குழாயில் வியர்வை நீரும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால், சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்திருக்கலாம். அப்போது காது மருத்துவர்.

இந்தச் சோதனையை யார் செய்வது? உங்கள் மாமியார்தான். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. குடும்பம் என்றால் குறையை மூடி மறைக்கும் திரை அல்ல, அதைப் பங்கு போட்டுச் சுமக்கிற தோள் என்று நம்புகிறவள் நான். வருகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று சொன்னவரே தினமும் காலையில் பேத்தியின் காதில் அதை மாட்டிவிட்டு, பின்னால் நின்று ‘ஷ், ஸ்’ சொல்லட்டும். ஒரு மாதம் இதைச் செய்தவருக்கு, வந்த விருந்தாளியிடம் அதைப் பற்றி விளக்காமல் இருக்க முடியாது. அவர் கண்ணாடி போடுபவராக இருந்தால், அதை யாராவது பீரோவில் பூட்டினார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். கடிதம் முழுக்க அந்தப் பெண்ணின் அப்பாவைக் காணவில்லையே, அவர் எங்கே போனார்? ஆடியாலஜிஸ்ட்டிடம் அழைத்துப் போவது அவர் வேலையாக இருக்கட்டும்.

நாளை மாலை அவள் வந்ததும் கையை நீட்டி மிஷினைக் கேட்காதீர்கள். பென்சில் டப்பாவில் இருந்தால் எடுத்து மாட்டிவிடுங்கள். டிவியை அணைத்துவிட்டு, அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சனி ஞாயிறில் காலை முதல் இரவு வரை போடட்டும். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போன பிறகு பள்ளியில் எத்தனை பீரியடு தாங்குகிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். முதல் பெஞ்சு நல்லதுதான், ஆனால் அது சாலைப் பக்க ஜன்னலை ஒட்டி இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டாம் என்றும் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இரவில் மிஷினைக் கழற்றிப் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்து, அவள் தலைமாட்டிலேயே வையுங்கள். கண் விழித்ததும் அவளே எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். வளர்கிற பிள்ளையின் காதும் வளர்வதால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் புது மோல்டு எடுக்க வேண்டியிருக்கும். அது சிவப்பு, நீலம், பச்சை என்று பல நிறங்களில் கிடைக்கிறது. தோல் நிறத்தில் கேட்டு வாங்கி வராதீர்கள். அவளையும் பாட்டியையும் அழைத்துப் போய், எந்த நிறம் என்று அவளிடமே கேளுங்கள்.