கோரம் குறைந்தால் கதை வேறு, தகுதி இல்லாவிட்டால் கதை வேறு

கேள்வி: எங்கள் ஹவுசிங் சொசைட்டி கமிட்டியில் ஒருவருக்குத் தகுதியே இல்லை என்று இப்போது தெரிகிறது. இன்னொருவர் அன்றைய கூட்டத்துக்கு வரவே இல்லை. அன்று எடுத்த முடிவு செல்லுமா?

வராதவரை முதலில் விடுங்கள். முறையாக நோட்டீஸ் போயும் அவராக வரவில்லை என்றால், கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள் கணக்கு, இருந்தவரை முடிவுக்கு ஒன்றும் ஆகாது. நோட்டீஸே கொடுக்காமல் விட்டிருந்தால் அதை வைத்தே முடிவை எதிர்க்கலாம்.

தகுதி விஷயத்தில்தான் நான் ரொம்ப வாங்கிக் கட்டிக்கொண்டேன். மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டிக்கு நான் செயலாளராக இருந்தேன். கமிட்டிக்கு 11 இடம், பைலாப்படி கோரம் 6. இரண்டு பேர் ஃபிளாட்டை விற்றுவிட்டுப் போனதில் மிச்சம் 9. காலியிடம் இருக்கிறது என்பதற்காகக் கமிட்டி முடங்கிவிடாது. அதே சமயம் 9 பேரில் 5 பேர் போதும் என்று நாமாகக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃபிங் காண்ட்ராக்டை முடிவு செய்த கூட்டத்துக்குச் சரியாக 6 பேர் வந்தார்கள்.

பிறகு தணிக்கையில் ஒரு பழைய நோட்டீஸ் வெளிவந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர், நோட்டீஸ் வந்து மூன்று மாதம் தாண்டியும் பாக்கி கட்டாதவர். கமிட்டியில் இருக்கவே கூடாது. மூன்றாவது மாடிக்காரர் பிடித்துக்கொண்டார்: "சார், அவரைக் கழிச்சா அஞ்சு பேர்தான். கோரமும் இல்ல, காண்ட்ராக்டும் இல்ல!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1960-இன் 77ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த காரியம், நியமனத்திலோ தகுதியிலோ இருந்த குறை பின்னால் தெரியவந்தது என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது என்கிறது. கோகராஜு ரங்கராஜு வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றமும் இந்த வழியில்தான் போனது: செஷன்ஸ் நீதிபதிகளின் நியமனம் ரத்தான பிறகும் அவர்கள் சொன்ன தீர்ப்புகள் நின்றன. ஆக, அன்றைய ஆறு ஆறுதான்.

இந்தக் காப்பு, விஷயம் தெரியும்வரைதான். துணைப் பதிவாளர் அவரை நீக்கி உத்தரவு போட்ட பிறகும், நான் வேண்டாம் என்று சொல்லியும், தலைவர் அவரையும் உட்காரவைத்து அடுத்த கூட்டத்தில் பில்லுக்கு ஒப்புதல் வாங்கினார். அன்றும் வந்தது 6 பேர். அங்கே 77 கைகொடுக்காது, எல்லோருக்கும் தெரிந்துதானே செய்தோம்? என் ஆட்சேபத்தை மினிட்ஸில் எழுதவைத்தேன். காலியிடங்களை நிரப்பி, தகுதியுள்ள 7 பேரோடு அந்த ஒப்புதலை மறுபடி நிறைவேற்றிய பிறகே செக்கில் கையெழுத்துப் போட்டேன்.

நான் வக்கீல் இல்லை, வக்கீல்கள் சண்டைக்கு வர வேண்டாம். காண்ட்ராக்டரிடம் நான் கமிஷன் வாங்கியதாக வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களில் ஒருவர்கூட ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்ததில்லை. சம்பளமில்லாத வேலைக்கு இதுதான் கூலி! போகட்டும்.

உங்கள் சொசைட்டியில் வருகைக் கையெழுத்துகளை எண்ணுங்கள், பைலாவில் உள்ள கோரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு அவருடைய குறை கமிட்டிக்கு எந்தத் தேதியில் தெரிந்தது என்று கடிதக் கோப்பில் தேடுங்கள். கூட்டம் அந்தத் தேதிக்கு முந்தையது என்றால், அவரைக் காட்டி முடிவை உடைப்பது கஷ்டம்.