அக்யூரசி 99.92%, ஆனால் எஃப்-1 ஒன்று சொல்கிறது, ஏயூசி வேறொன்று சொல்கிறது: எதை நம்புவது?

கேள்வி: காகிலில் இருக்கும் கிரெடிட் கார்டு மோசடி டேட்டாவை வைத்து எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்கிறேன். 20% டெஸ்ட்டுக்கு ஒதுக்கினேன்: 56,962 பரிவர்த்தனைகள், அதில் 98 மோசடி. சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் 62 மோசடிகளைப் பிடித்தது, 36-ஐ விட்டுவிட்டது, 10 நல்ல பரிவர்த்தனைகளைத் தவறாகப் பிடித்தது. அக்யூரசி 99.92%, எஃப்-1 0.73, ஏயூசி 0.816. `class_weight='balanced'` போட்டதும் 90 மோசடிகள் சிக்கின, 8 தப்பின; ஆனால் 1,386 நல்லவையும் மாட்டின. அக்யூரசி 97.55%, எஃப்-1 0.11, ஏயூசி 0.947. ஏயூசி இரண்டாவதுதான் சிறந்தது என்கிறது, எஃப்-1 தலைகீழாகச் சொல்கிறது. கைடிடம் எதைக் காட்டுவது?

பதில்: முதலில் அந்த 0.816. உங்கள் கோடைப் பார்க்காமலேயே சொல்கிறேன், `roc_auc_score`-க்குள் `model.predict(X_test)` கொடுத்திருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? மோசடிகளில் நீங்கள் பிடித்தது 62/98, அதாவது 0.633. நல்லவற்றில் சரியாக விட்டது 56,854/56,864, அதாவது 0.9998. இரண்டின் சராசரி 0.816. இரண்டாவது மாடலிலும் அதே கதைதான்: 0.918, 0.976, சராசரி 0.947. 0, 1 என்று முடிவை மட்டும் கொடுத்தால் அந்த ஃபங்ஷன் திருப்பித் தருவது இந்தச் சராசரியைத்தான். எர்ரர் எதுவும் வராது, அதனால் பலர் கவனிப்பதில்லை. கொடுக்க வேண்டியது 0-க்கும் 1-க்கும் இடையில் மாடல் தரும் ஸ்கோரை:

```python
p = model.predict_proba(X_test)[:, 1]
roc_auc_score(y_test, p)
```

இப்படிப் போட்டால் இரண்டு மாடலின் ஏயூசியும் அநேகமாக ஒன்றுக்கொன்று நெருக்கமாக, இரண்டுமே உயரமாக வரும். அப்போது 'முரண்பாடு' பாதி கரைந்துவிடும். மீதிப் பாதிக்கு, ஒவ்வொரு எண்ணும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அக்யூரசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் 'நல்லது' என்று சொல்லும் ஒரு மாடலுக்கு இந்த டெஸ்ட்டில் 99.83% கிடைக்கும். உங்கள் 99.92% அதைவிட 0.09 மேலே. முழு டேட்டாவிலேயே 2,84,807-க்கு 492 மோசடிதான், 0.173%. இங்கே அக்யூரசி அளப்பது மோசடி எவ்வளவு அரிது என்பதைத்தான். உங்கள் மாடலைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

ப்ரிசிஷன், ரீகால் இரண்டையும் உங்கள் எண்களிலேயே பாருங்கள். ரீகால் என்பது இருந்த மோசடிகளில் எத்தனை பிடிபட்டன என்பது: முதல் மாடலில் 62/98 = 0.63, இரண்டாவதில் 90/98 = 0.92. ப்ரிசிஷன் என்பது மாடல் கைகாட்டியதில் எத்தனை உண்மையிலேயே மோசடி என்பது: 62/72 = 0.86, அப்புறம் 90/1,476 = 0.06. வங்கியில் உட்கார்ந்து அலர்ட்டுகளைப் பார்ப்பவருக்கு இரண்டாவது எண்தான் வலிக்கும். முதல் மாடலிலிருந்து இரண்டாவதுக்குப் போனதில் கூடுதலாகக் கிடைத்தது 28 மோசடி, கூடுதலாக வந்த பொய் அலர்ட் 1,376. கூடுதலாகப் பிடித்த ஒவ்வொரு மோசடிக்கும் 49 பேரின் நல்ல பரிவர்த்தனையை நிறுத்தியிருக்கிறீர்கள்.

எஃப்-1 இந்த இரண்டின் இசைச் சராசரி, `2PR/(P+R)`. சாதாரணச் சராசரி ஏன் எடுப்பதில்லை? எல்லாப் பரிவர்த்தனையையும் மோசடி என்று சொல்லிவிடுங்கள். ரீகால் 1, ப்ரிசிஷன் 0.0017. கூட்டி இரண்டால் வகுத்தால் 0.50 வரும், ஒன்றுமே செய்யாத மாடலுக்குப் பாதி மார்க்! இசைச் சராசரியில் அது 0.0034. இரண்டில் சின்னது எதுவோ அதை நோக்கி இழுப்பது அதன் குணம். உங்கள் இரண்டாவது மாடலின் 0.92 ரீகால், 0.06 ப்ரிசிஷனோடு சேர்ந்ததும் 0.11-க்கு இறங்கியது அதனால்தான்.

ஆனால் எஃப்-1 ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் முடிவு செய்துவிடுகிறது: ப்ரிசிஷனும் ரீகாலும் சம முக்கியம் என்று. மோசடி தப்புவதுதான் பெரிய நஷ்டம் என்றால் எஃப்-2 எடுக்கலாம், அது ரீகாலுக்குக் கூடுதல் எடை தரும். என்னைக் கேட்டால், எஃப்-1-ஐ மட்டும் ரிப்போர்ட்டில் போட்டுவிட்டு ப்ரிசிஷனையும் ரீகாலையும் மறைப்பது வாசிப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது ஏயூசி. ஒரு மோசடியையும் ஒரு நல்ல பரிவர்த்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். மோசடிக்கு மாடல் கூடுதல் ஸ்கோர் கொடுத்திருக்க எவ்வளவு வாய்ப்பு? அதுதான் ஏயூசி. 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். அது ஸ்கோர்களின் வரிசையை மட்டும் பார்க்கிறது, எந்த ஸ்கோருக்கு மேலே மோசடி என்று முடிவு செய்ய 0.5-இல் வெட்டினீர்களா 0.9-இல் வெட்டினீர்களா என்பதே அதற்குத் தெரியாது. எஃப்-1 நேர் எதிர், நீங்கள் வெட்டிய அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கிறது.

இதனால்தான் `class_weight` உங்களைக் குழப்பியது. உங்கள் டிரெயினிங் பகுதியில் 2,27,451 நல்லவை, 394 மோசடி. 'balanced' போட்டதும் ஒரு மோசடியில் செய்யும் தவறு, நல்லதில் செய்யும் தவறைப் போல சுமார் 577 மடங்கு கணக்காகிறது. அதன் முக்கிய விளைவு எல்லா ஸ்கோரும் மேலே ஏறுவது, வரிசை அவ்வளவாக மாறாது. தோராயமாகச் சொன்னால், இரண்டாவது மாடலில் 0.5 என்பது முதல் மாடலில் 1/578, அதாவது 0.0017. ஆக உங்கள் கையில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே மாடல், இரண்டு வெவ்வேறு இடத்தில் வெட்டப்பட்டது. எது சிறந்த மாடல் என்ற கேள்வி இங்கே எங்கே வெட்டுவது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. (ஸ்கோர்களை மேலே தூக்கிவிட்டதால், இரண்டாவது மாடல் சொல்லும் 0.5-ஐ '50% வாய்ப்பு' என்று படிக்கவும் கூடாது.)

சரி, திருத்திய ஏயூசி 0.97-க்குப் பக்கத்தில் வந்தால் சந்தோஷப்படலாமா? இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏயூசி என்பது ஆர்ஓசி வளைவின் கீழே இருக்கும் பரப்பு. அந்த வளைவின் கிடை அச்சு, நல்லவற்றில் எத்தனை பங்கு தவறாக மாட்டியது என்பது. உங்கள் இரண்டாவது மாடலுக்கு அது 1,386/56,864 = 2.4%. படத்தில் அந்தப் புள்ளி இடது சுவரை ஒட்டியே நிற்கும், பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அதே புள்ளியில் ப்ரிசிஷன் 0.06. கீழே வகுக்கும் எண் 56,864 என்பதால் ஆயிரக்கணக்கான பொய் அலர்ட்டும் அந்தப் படத்தில் தூசியாகத் தெரிகிறது. அதனால் இந்த மாதிரி டேட்டாவில் ப்ரிசிஷன்-ரீகால் வளைவையும் வரையுங்கள், `average_precision_score` அதன் பரப்பைத் தரும். காகிலில் இந்த டேட்டாவை வெளியிட்டவர்களே அந்தப் பரப்பைத்தான் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதை ஒப்பிட வேண்டிய அடிமட்டம் 0.5 அல்ல, 0.0017. ஆகவே அங்கே 0.7 வந்தால் அது நல்ல எண்.

வெட்டும் இடத்தை டிரெயினிங் பகுதியிலிருந்து தனியாக ஒதுக்கிய வேலிடேஷன் பகுதியில் தேடுங்கள். டெஸ்ட்டில் தேடினால் டெஸ்ட் வீணாகிவிடும்.

```python
p = model.predict_proba(X_val)[:, 1]
prec, rec, th = precision_recall_curve(y_val, p)
f1 = 2 * prec * rec / (prec + rec + 1e-12)
cut = th[f1[:-1].argmax()]
```

`[:-1]` ஏன் என்றால், அந்த ஃபங்ஷன் `prec`, `rec` இரண்டிலும் `th`-ஐவிட ஒரு எண் கூடுதலாகத் தருகிறது. எஃப்-1 உச்சம் ஒரு தொடக்கம்தான். நிஜ வேலையில் கேள்வி வேறு மாதிரி வரும்: ஒரு நாளைக்கு எத்தனை அலர்ட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது? 150 என்றால் ஸ்கோரில் முதல் 150-ஐ எடுத்து, அதில் எத்தனை மோசடி என்று எண்ணுங்கள். டேட்டாவில் `Amount` என்ற நெடுவரிசை இருக்கிறது, தப்பிய மோசடிகளின் தொகையைக் கூட்டியும் காட்டலாம். கைடுக்கு அது பிடிக்கும்.

இன்னொரு பொறி. சமநிலைக்காக நல்லவற்றைக் குறைப்பது அல்லது செயற்கையாக மோசடிகளை உருவாக்கிச் சேர்க்கும் ஸ்மோட் போடுவது என்று இறங்கினால், அதை டெஸ்ட் பகுதியைப் பிரித்த பிறகு, டிரெயினிங் பகுதியில் மட்டும் செய்யுங்கள். 98 மோசடி, 98 நல்லவை என்று டெஸ்ட்டையே சமமாக்கினால் என்ன ஆகும்? அதே இரண்டாவது மாடல், அதே 90 மோசடி, 98-இல் 2.4% என்றால் இரண்டு மூன்று பொய் அலர்ட். ப்ரிசிஷன் 0.06-லிருந்து 0.97-க்குத் தாவிவிடும். மாடல் ஒரு துளியும் மாறவில்லை! ரீகாலும் ஆர்ஓசி ஏயூசியும் மோசடியின் பங்கை வைத்து மாறுவதில்லை, ப்ரிசிஷனும் எஃப்-1-உம் மாறும். இணையத்தில் இந்த டேட்டாவுக்கு 0.97 ப்ரிசிஷன் போட்டிருப்பதைப் பார்த்தால், எடுத்தவுடன் டெஸ்ட்டில் எத்தனை பரிவர்த்தனை என்று பாருங்கள்.

`classification_report`-இல் `1` என்ற வரியை மட்டும் எடுங்கள். முதல் மாடலுக்கு `weighted avg` வரி 1.00 என்று காட்டும், அது அக்யூரசி செய்யும் அதே ஏமாற்றுதான். அப்புறம், இரண்டு மாடலின் ரீகால் 0.63, 0.65 என்று வந்தால் ஒன்றை ஜெயித்ததாக எழுதிவிடாதீர்கள். 98-இல் அது இரண்டே இரண்டு பரிவர்த்தனை. 98 மோசடியை வைத்து அளந்த 0.63-இன் 95% இடைவெளி சுமார் 0.54-லிருந்து 0.73 வரை போகிறது. `StratifiedKFold` போட்டு 492 மோசடியும் ஒவ்வொரு முறை டெஸ்ட்டில் வரும்படி செய்தால் அந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கும்.