காவடி மாதத்தில் சராசரி ஏன் சரிந்தது?

கேள்வி: மொரிஷியஸில் தமிழ் கற்றுத்தரும் செயலி ஒன்றை நடத்துகிறோம். அடிப்படைப் பாடங்கள் இலவசம். மேல்நிலைப் பாடங்களுக்கு மாதச் சந்தா 150 ரூபாய். ஜனவரியில் காவடி விரதத்தை ஒட்டி ஆட்கள் நிறையச் சேர்ந்தார்கள், வருமானமும் கூடியது. ஆனால் ஒரு பயனருக்கான சராசரி வருமானம் இறங்கிவிட்டது. பணம் போட வருபவரிடம் சந்தாதாரருக்கான சராசரியை மட்டும் காட்டினால் போதாதா? (ரோஸ் ஹில் வாசகர்)

போதாது. அந்த எண்ணை மட்டும் காட்டினால் அவர் கேட்கப்போகும் அடுத்த கேள்வியே, எத்தனை பேரில் எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்பதுதான்.

மாத வருமானத்தை அந்த மாதம் செயலியைத் திறந்த எல்லோருக்கும் வகுத்தால் வருவது பயனர் சராசரி (ஏஆர்பியு). கட்டியவர்களுக்கு மட்டும் வகுத்தால் சந்தாதாரர் சராசரி (ஏஆர்பிபியு). இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு பெருக்கல்:

```
பயனர் சராசரி = சந்தாதாரர் சராசரி × கட்டுவோர் விகிதம்
```

உங்களுடையதைப் போன்ற ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டிசம்பரில் 8,000 பயனர்கள், 240 சந்தாதாரர்கள், வருமானம் 36,000 ரூபாய். பயனர் சராசரி 4.50, சந்தாதாரர் சராசரி 150, விகிதம் 3 சதவீதம். ஜனவரியில் 12,000 பயனர்கள், 300 சந்தாதாரர்கள், 45,000 ரூபாய். பயனர் சராசரி 3.75 ஆகிவிட்டது, சந்தாதாரர் சராசரி அதே 150, விகிதம் 2.5. யாரும் குறைவாகக் கட்டவில்லை. இலவசமாகப் பார்க்க வந்த கூட்டம் வகுக்கும் எண்ணைப் பெருக்கியது, அவ்வளவுதான். இரண்டு சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இதைப் படிப்பவரே கண்டுகொள்வார்.

இப்போது எதிர்ப்பக்கம். விலையை 200 ஆக்குகிறீர்கள். பயனர்கள் அதே 12,000, சந்தாதாரர்கள் 300இலிருந்து 210 ஆகிறார்கள். சந்தாதாரர் சராசரி 200, மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்! வருமானமோ 42,000தான், 3,000 ரூபாய் நட்டம். பயனர் சராசரி 3.50 என்று இறங்கி உண்மையைச் சொல்லிவிடுகிறது. விலகியவர்கள் சந்தாதாரர் சராசரியில் வருமானம், ஆள் எண்ணிக்கை என்ற இரு பக்கத்திலிருந்தும் மறைந்துபோகிறார்கள். அதனால்தான் அது ஒருபோதும் தனியாக நிற்கக் கூடாது.

விளம்பரச் செலவில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒரு பதிவிறக்கத்துக்கு 20 ரூபாய் ஆகிறது என்றால், 150உடன் ஒப்பிட்டு ஏழு மடங்கு லாபம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விளம்பரம் கொண்டுவருவது பயனரை, சந்தாதாரரை அல்ல. ஒப்பிட வேண்டியது 3.75உடன். அந்தப் பயனர் ஐந்து மாதத்துக்கு மேல் தங்கினால்தான் 20 ரூபாய் திரும்பும். விரதம் முடிந்ததும் போய்விடுகிறவர்கள் அவ்வளவு நாள் இருக்க மாட்டார்கள். விலையை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது மட்டும் 150ஐ எடுங்கள்.

கணக்கைக் கெடுப்பதில் முதலிடம் ஆண்டுச் சந்தாவுக்கு. அந்த 300 பேரில் 40 பேர் 1,500 ரூபாய் கொடுத்து ஆண்டுக்கு எடுத்ததாக வையுங்கள். கைக்கு வந்த பணத்தை அப்படியே போட்டால் வருமானம் 99,000, சந்தாதாரர் சராசரி 330. மாதம் 330 ரூபாய் கட்டுகிறவர் ஒருவர்கூட உங்களிடம் இல்லை! ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 125 என்று எழுதினால் வருமானம் 44,000, சராசரி சுமார் 147. அதோடு அந்த 40 பேரையும் அடுத்த பதினொரு மாதமும் சந்தாதாரர்களாகவே எண்ண வேண்டும். அந்த மாதம் பணம் வந்த பட்டியலை மட்டும் பார்த்து எண்ணினால் அவர்கள் பிப்ரவரியில் காணாமல் போவார்கள், விகிதம் பொய்யாகச் சரியும்.

இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவர் சந்தாதாரர் அல்ல. பயனர்களை எண்ணும்போது தினசரி எண்ணிக்கைகளைக் கூட்டாதீர்கள். ஒருவர் இருபது நாள் திறந்தாலும் மாதத்துக்கு ஒரு ஆள்தான். விலைக்குள் 15 சதவீத வாட் வரி அடங்கியிருந்தால் 150இல் உங்களுடையது சுமார் 130 ரூபாய்தான் (மேலே உள்ள கணக்கில் வரியைச் சேர்க்கவில்லை). செயலிக் கடையின் கழிவைக் கழித்தீர்களா இல்லையா என்பதையும் அடிக்குறிப்பில் எழுதி, எல்லா மாதமும் அதே முறையில் போடுங்கள்.

இலவசப் பயனர்களுக்கு விளம்பரம் காட்டி வருமானம் வந்தால் அது பயனர் சராசரியில் சேரும், சந்தாதாரர் சராசரியில் சேராது. அப்போது மேலே உள்ள பெருக்கல் பொருந்தாது. ஆகவே சந்தா வருமானத்தை வைத்து ஒரு பயனர் சராசரி, விளம்பரத்தையும் சேர்த்து இன்னொன்று என இரண்டு வரிகளாகக் கொடுங்கள்.