குழுவுக்கு எழுதும் பதிலில் எதை ஒப்புக்கொள்வது?

நான் டர்பனில் வரலாறு படிக்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் வந்தவர்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் 31 விழுக்காடு பிற நூல்களோடு ஒத்திருக்கிறதாம். எழுத்துத் திருட்டு என்று ஒழுங்கு நடவடிக்கைக் குழு விளக்கம் கேட்டிருக்கிறது. இரண்டு பத்திகள் ஒரு புத்தகத்தின் சொற்களாகவே இருப்பது உண்மை. ஆனால் நான் திருடவில்லை. "எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடு" என்கிறார் அம்மா.

அம்மாவின் பயம் புரிகிறது. பெரியவர்கள் முன் பணிந்து போனால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் குழுவின் கோப்பில் பணிவு பதிவாகாது. "நான் திருடினேன்" என்ற வாக்கியம் மட்டுமே பதிவாகும். அதை எழுதாதீர்கள். நடந்ததை மறுக்கவும் வேண்டாம்.

முதலில் அந்த 31 விழுக்காட்டைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கையின்படி 12 விழுக்காடு நூற்பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிகளும். 6 விழுக்காடு யார் எழுதினாலும் வந்துவிடும் சிறு தொடர்கள். எஞ்சிய 13 விழுக்காடு நான்காம் பக்கத்தின் இரண்டு பத்திகள். நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த 13க்குத்தான். ஒத்துப்போகும் சொற்களை மட்டுமே அறிக்கை எண்ணுகிறது. அது திருட்டா இல்லையா என்பதைக் குழுதான் முடிவு செய்யும்.

அடுத்தது, அந்தப் பத்திகள் எப்படி உள்ளே வந்தன என்பது. நூலகத்தில் புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதினீர்கள், பக்க எண்ணைக் குறிக்கவில்லை, மூன்று வாரம் கழித்து அதை உங்கள் சொந்த வாக்கியம் என்று எண்ணித் தட்டச்சு செய்தீர்கள். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இணையுங்கள். கணினியில் பழைய வரைவுகள் தேதியோடு இருந்தால் அவற்றையும் சேருங்கள். மூலக் கோப்பைத் திறந்து எதையும் இப்போது திருத்திவிடாதீர்கள். பிறகு போட்ட ஒரு மேற்கோள் குறி கண்ணில் பட்டாலும் மற்ற சான்றுகளின் மதிப்பு போய்விடும்.

பதிலின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே பொருள் வரட்டும்:

"நான்காம் பக்கத்தின் இரண்டு பத்திகளில் உள்ள சொற்கள் அந்த நூலுடையவை. அங்கே மேற்கோள் குறியோ பக்க எண்ணோ இல்லை. அது என் தவறு, அதற்காக வருந்துகிறேன். நூலின் பெயர் என் நூற்பட்டியலில் ஏழாவதாக இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. என் குறிப்பேட்டிலிருந்து எழுதியபோது அவை நூலின் சொற்கள் என்பதை நான் உணரவில்லை. குறிப்பேட்டின் பக்கத்தை இணைத்திருக்கிறேன். மற்ற இடங்கள் தொடர்பான குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. காரணங்களைக் கீழே தருகிறேன்."

"வருந்துகிறேன்" எதற்காக என்பது அதே வரியில் இருப்பதைக் கவனியுங்கள். தனியாக நின்றால் அது முழுக் குற்றத்தையும் ஏற்றதாகவே படிக்கப்படும். "எனக்கு உள்நோக்கம் இல்லை, ஆகவே இது எழுத்துத் திருட்டே இல்லை" என்றும் வாதாடாதீர்கள். பல பல்கலைக்கழக விதிகளில் நோக்கம் இல்லாவிட்டாலும் குற்றம் குற்றம்தான். தண்டனையின் அளவை முடிவு செய்யும்போதுதான் நோக்கத்தைப் பார்ப்பார்கள். உங்கள் விதிப்புத்தகத்தில் அந்த வரையறையைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள்.

அறைத்தோழி கேட்டாள் என்று என் வரைவை அனுப்பினேன். இப்போது இருவர் மீதும் புகார்.

அனுப்பிய நாளையும் அந்த மின்னஞ்சலையும் கொடுங்கள். அவள் அதை வைத்து என்ன செய்தாள் என்பது உங்களுக்கு நேரில் தெரியாது, ஊகித்து எழுதாதீர்கள். வரைவைக் கொடுத்ததே விதிமீறலாக இருக்கலாம். அப்படியானால் கொடுத்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

மகனுக்காகப் பதிலை நானே எழுதிக் கொடுக்கலாமா? (ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தந்தை)

வேண்டாம், ஐயா. விசாரணையில் ஒவ்வொரு வரியைப் பற்றியும் அவனைத்தான் கேட்பார்கள். தன் சொல் அல்லாத ஒரு பதிலோடு எழுத்துத் திருட்டு விசாரணைக்குப் போவதைவிட ஆபத்தானது வேறில்லை. அவன் எழுதியதைப் படித்து, எங்கே புரியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஒரு வரிக் கடிதம் வந்திருக்கிறது. அறிக்கையும் இல்லை, எந்தப் பத்தி என்றும் இல்லை.

இன்றே எழுதிக் கேளுங்கள்: எந்த விதி, எந்தப் பக்கங்கள், எந்த மூலம். அவை கையில் கிடைத்த பிறகு பதில் எழுத நியாயமான அவகாசமும் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் 3ஆம் பிரிவு போதிய அறிவிப்பையும் உங்கள் தரப்பைச் சொல்லும் வாய்ப்பையும் உங்களுக்குத் தருகிறது. முடிவு காரணமில்லாமல் வந்தால், அது தெரியவந்த 90 நாளுக்குள் எழுத்துமூலம் காரணம் கேட்கலாம். அது 5ஆம் பிரிவு. உள் மேல்முறையீட்டுக்கான கெடு பெரும்பாலும் இதைவிடக் குறுகியது, அதைத் தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.