அரசு கையை விரித்துவிட்டால் உங்கள் பத்திரம் என்ன ஆகும்?

கேள்வி: ஒரு வெளிநாட்டு அரசின் டாலர் கடன் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். இனி வட்டி கட்ட முடியாது என்று அந்த அரசு அறிவித்துவிட்டது. வாங்கிக் கொடுத்த தரகர், "போனது போனதுதான், நூறுக்கு இருபத்தைந்துக்கு நானே வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கட்டணம் கட்டுங்கள், வழக்குப் போட்டு முழுசா வாங்கித் தருகிறேன்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்யாதீர்கள்.

கம்பெனி நொடித்தால் நீதிமன்றம் அதன் சொத்தை விற்றுப் பங்கு பிரிக்கும். நாட்டுக்கு அப்படி ஒரு நீதிமன்றமே உலகத்தில் இல்லை. அதனால் பேசித்தான் தீர்க்க வேண்டும். இழுத்தடித்துப் பேசுகிறார்கள், பெரிய நிதி நிறுவனங்கள் மட்டும் மேசையில் உட்காருகின்றன, உங்களைப் போன்ற சிறு முதலீட்டாளரை யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு இது ஆறவில்லை.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். அந்த மாதம் கட்ட வேண்டிய வட்டிக்கு இருந்த 30 நாள் அவகாசமும் மே மாதம் முடிந்துபோனது. சர்வதேச நாணய நிதியம் கடனுதவிக்குச் சம்மதித்தது 2023 மார்ச்சில். பழைய பத்திரத்தை வாங்கிக்கொண்டு புதுப் பத்திரம் கொடுத்தது 2024 டிசம்பரில். அதாவது இரண்டரை வருஷத்துக்கு மேல். நடுவில் 100 டாலர் பத்திரம் சந்தையில் 30 டாலருக்கும் கீழே போனது. பயந்து அப்போது விற்றவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

காத்திருந்தவருக்கு என்ன கிடைத்தது? அசலில் 27 சதவீதம் வெட்டு, ஆக 100 டாலருக்கு 73 டாலர் முகமதிப்புள்ள புதுப் பத்திரம். கட்டாமல் நின்றுபோன வட்டியில் 11 சதவீதம் வெட்டு. 15 டாலர் பாக்கி இருந்தது என்று வைத்துக்கொண்டால் 13 டாலர் சொச்சத்துக்குத் தனிப் பத்திரம். இரண்டையும் கூட்டி 86 டாலர் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் அது கையில் வரும் பணம் அல்ல, பல வருஷம் தள்ளித் தவணையாக வருவது, ஆரம்பத்தில் வட்டியும் குறைவு. அதனால் அன்றைய சந்தை விலை முகமதிப்பைவிடக் குறைவுதான். ஆனாலும் உங்கள் தரகர் தருவதாகச் சொல்லும் 25-ஐவிட எவ்வளவோ மேல். எல்லா நாட்டுக்கும் இதே கணக்கு வராது, 2012-இல் கிரேக்கத்தில் முகமதிப்பில் பாதிக்கு மேல், 53.5 சதவீதம், வெட்டினார்கள்.

சரி, வழக்குப் போட்டு முழுசா வாங்கலாம் என்கிறாரே? இந்தப் பேச்சு அர்ஜென்டினாவில் இருந்து வந்தது. 2001 கடைசியில் அந்த நாடு கடனைக் கட்டுவதை நிறுத்தியது. 2005-லும் 2010-லும் வந்த மாற்றுத் திட்டங்கள் இரண்டிலும் சேர்த்து 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பத்திரங்கள் மாற்றப்பட்டன. ஏற்காத சில முதலீட்டு நிறுவனங்கள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போயின. அதில் ஒரு நிறுவனம் 2012-இல் கானா துறைமுகத்தில் நின்ற அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பலையே முடக்கி வைத்தது, சர்வதேசத் தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் அதை விடுவித்தது. கடைசியில் 2016-இல் பெரிய தொகை வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் அவர்களில் பலர் அடிமாட்டு விலைக்குப் பத்திரங்களை வாங்கிக் குவித்தவர்கள், 15 வருஷம் வக்கீல் கட்டணம் கொடுக்கத் தாங்கியவர்கள். அந்த வழி இப்போது பெரும்பாலும் அடைபட்டும்விட்டது. புதிய பத்திரங்களில் பொதுவாக ஒரு விதி உண்டு: பத்திரதாரர்களில் 75 சதவீதம் போல ஒரு பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் மீதிப் பேரையும் அது கட்டுப்படுத்தும், நீங்கள் மாட்டேன் என்றாலும் உங்கள் பத்திரம் மாறிவிடும். ஒன்றாக வெளியிட்ட பத்திரங்களின் தொகுதியான ஒவ்வொரு தொடருக்கும் தனியாக வாக்கெடுக்கும் பழைய பத்திரம் என்றால், ஒரே தொடரில் கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் தடுக்கலாம். இலங்கை விஷயத்திலேயே ஒரு வெளிநாட்டு வங்கி அப்படித்தான் தனியாக வழக்குக்குப் போனது. உங்களிடம் கால் பங்கு இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பத்திரத்துக்கு ISIN என்று 12 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, பத்திரம் யார் பெயரில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தரகரை நம்பாமல், அதைக் காவலில் வைத்திருக்கும் வங்கியிடமே எழுத்தில் கேளுங்கள். மாற்றுத் திட்டம் வரும்போது பதில் சொல்லக் கடைசித் தேதி இருக்கும், சில வாரம்தான் தருவார்கள், வங்கி தன் வேலைக்காக இன்னும் சில நாள் முன்னாலேயே கதவை மூடிவிடும். அறிவிப்பு உங்களுக்கு நேராக வராது, வங்கி வழியாகத்தான் வரும், அதனால் மின்னஞ்சல் முகவரி சரியா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அப்புறம், அந்தத் திட்டத்தில் சேர உங்களிடம் முன்பணம் கேட்கும் எவருக்கும் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். பத்திரத்தை மாற்றித் தர எந்த அரசும் ஆள் அனுப்பி முன்பணம் வாங்குவதில்லை.