எட்டரை மணிக்கு வராத தூக்கம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துப் படுக்க வைத்தால் பத்தரை வரை போராட்டம்தான். தண்ணீர் கேட்பான், கதவைத் தட்டுவான், கடைசியில் தரையில் விழுந்து புரண்டு அலறுவான். மதியம் மாமியாருடன் மூன்றரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுவான். காலையில் எழுவது எட்டு மணிக்கு, ஞாயிறு என்றால் ஒன்பது. ஐந்து புத்தகங்கள் வாங்கிவிட்டேன். ஒன்று அழவிடு என்கிறது, இன்னொன்று அழவிட்டால் மனம் உடைந்துவிடும் என்கிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், மிகவும் களைத்திருக்கிறோம். ஆராய்ச்சி ஆதாரம் உள்ள, பதற்றம் இல்லாத ஒரே ஒரு புத்தகத்தைச் சொல்லுங்கள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோம் என்று மாமியார் சொல்வது சரியா? கைபேசிதான் காரணமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

சென்ற மாதம் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேத்திக்காக அவள் வாங்கி வைத்திருந்த இதே வகைப் புத்தகங்களைப் பகல் முழுவதும் புரட்டிக்கொண்டிருந்தேன். அழவிடலாமா கூடாதா என்று பேசும் அத்தியாயங்களில் பக்க ஓரங்கள் மடங்கிக் கறுத்திருந்தன, வரிக்கு வரி பென்சில் கோடு. தூங்கும் நேரத்தைக் கணக்கிடும் அத்தியாயங்களோ பிரிக்கப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. உங்கள் கடிதத்தைப் படித்ததும் உங்கள் ஐந்து புத்தகங்களும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

உங்கள் மகன் பத்தரைக்குத் தூங்கி எட்டு மணிக்கு எழுகிறான் என்றால் இரவில் ஒன்பதரை மணி நேரம். மதியம் இரண்டு மணி நேரம். ஆக நாளொன்றுக்குப் பதினொன்றரை மணி நேரம். ஒன்று முதல் இரண்டு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. உங்கள் மகன் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறான். நீங்கள் அவனிடம் கேட்பது என்ன? எட்டரையிலிருந்து எட்டு மணிவரை பதினொன்றரை மணி நேரம், அதற்கு மேல் மதியம் இரண்டு, மொத்தம் பதின்மூன்றரை. அவன் உடலில் இல்லாத இரண்டு மணி நேரத் தூக்கத்தைக் கேட்கிறீர்கள். சரியாக அந்த இரண்டு மணி நேரம்தான் எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில் உங்கள் வீட்டில் அலறலாகக் கழிகிறது. கடிதத்தில் எல்லா நேரங்களையும் இவ்வளவு துல்லியமாக எழுதிய நீங்கள் அவற்றைக் கூட்டிப் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கோபம்தான். ஐந்து புத்தகங்களுக்குச் செலவழித்த நேரத்தில் ஐந்து நிமிடம் ஒரு காகிதத்துக்கு ஒதுக்கியிருக்கலாம்.

எட்டரை என்ற நேரம் எங்கிருந்து வந்தது? ஏழுக்கும் எட்டுக்கும் விளக்கணைக்கும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட புத்தகங்களிலிருந்து வந்தது. தூக்க ஆய்வாளர் ஜோடி மிண்டெல் குழுவினர் பதினேழு நாடுகளில் மூன்று வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 29,000 குழந்தைகளைப் பற்றி 2010-ல் வெளியிட்ட ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக ஏழரை வாக்கில் படுக்கிறார்கள், ஹாங்காங் குழந்தைகள் பத்து மணிக்குப் பிறகு. இந்தியாவும் அந்தப் பதினேழில் ஒன்று. நியூசிலாந்தின் மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, மதியத் தூக்கத்தையும் காலை எழுச்சியையும் கோயம்புத்தூரில் இருந்தபடியே விட்டுவிட்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

இதற்கு உடலளவில் ஒரு காரணமும் உண்டு. மாலையில் மூளை மெலடோனின் என்ற இயக்குநீரைச் சுரக்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கத்தின் வாசல் திறக்கிறது. அதற்குச் சற்று முந்தைய பொழுது நாளிலேயே மிகவும் விழிப்பான பொழுது. அமெரிக்காவின் கொலராடோவில் மோனிக் லெபூர்ஷ்வா குழுவினர் இரண்டரை முதல் மூன்று வயதுள்ள 14 குழந்தைகளின் உமிழ்நீரை மாலை முழுவதும் சேகரித்துப் பார்த்து, 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். அந்தக் குழந்தைகளுக்குச் சுரப்பு சராசரியாக ஏழே முக்கால் வாக்கில் தொடங்கியது. சுரப்பு தொடங்குவதற்கு வெகு நெருக்கமாகவோ முன்னதாகவோ படுக்கவைக்கப்பட்டவர்கள் தூங்க நெடுநேரம் எடுத்துக்கொண்டார்கள், படுக்கையில் முரண்டும் பிடித்தார்கள். மதியம் ஐந்தரை வரை தூங்கி, காலை எட்டுக்கு எழும் உங்கள் மகனுக்கு அந்த வாசல் அவர்களைவிட வெகுநேரம் தாமதமாகத்தான் திறக்கும். அவன் அடம்பிடிக்கவில்லை, அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

இதை எழுதும்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த என் பாட்டி வீட்டுக் கூடம் நினைவுக்கு வருகிறது. ஒன்பது பத்துப் பிள்ளைகள் இருந்த அந்த வீட்டில் எங்களை இத்தனை மணிக்குப் படு என்று யாரும் சொன்னதில்லை. பேசிக்கொண்டே ஒவ்வொருவராகச் சாய்ந்துவிடுவோம். ஆனால் காலை ஐந்தரைக்குப் பாட்டி கூடத்தின் மேற்குக் கோடியிலிருந்து பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவாள். பாயின் மேல் ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டாள். உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்து கண் விழித்தவர்கள் முற்றத்து வெளிச்சத்துக்குப் போய்விட வேண்டும். பண்டிகை நாளானாலும் பள்ளி விடுமுறையானாலும் அந்தப் பாய் அதே நேரத்துக்குச் சுருளும். உடனே அந்தக் காலம்போல வருமா என்று கிளம்பிவிடாதீர்கள். அழுத பிள்ளைக்கு மண்டையில் குட்டு விழுந்ததும் அதே கூடத்தில்தான். எனக்கு வேண்டியது பாய் சுருளும் நேரம் மட்டும். படுக்கும் நேரத்தை நாம் கட்டளையிட முடியாது, எழும் நேரத்தை முடியும். காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தைப் பார்க்கும் குழந்தையின் உடல் மாலையில் தானாக ஒரு நேரத்துக்கு வந்து சேரும்.

ஆகவே தலைகீழாகத் தொடங்குங்கள். முதலில் எட்டரை என்ற நேரத்தைக் கைவிட்டு, அவன் உண்மையில் தூங்கும் பத்தரைக்கே படுக்கவையுங்கள். தூக்க மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறைதான் இது. பத்து மணிக்கு முகம் கை கால் கழுவி, உடை மாற்றி, இரண்டு கதைப் புத்தகம் படித்து, விளக்கணைக்கும் அந்த அரைமணி நேரம் தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவன் உங்களோடு கூடத்தில் சாதாரணமாக இருக்கட்டும். ஆனால் பெரிய குழல் விளக்குகளை அணைத்து ஒரு மங்கலான விளக்கை மட்டும் விடுங்கள், ஏனென்றால் இந்த வயதில் மாலை நேரத்து வலுவான வெளிச்சம் மெலடோனினை மிகவும் அடக்கிவிடும். கைபேசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நேரத்தில் அவன் கையில் தராதீர்கள், அவ்வளவுதான்.

அதே நாளிலிருந்து காலை எழுச்சி ஏழு மணி, ஞாயிறும் ஏழு மணி. மதியத் தூக்கத்தை ஒன்றரைக்குக் கொண்டுவந்து மூன்று மணிக்கு எழுப்பிவிடுங்கள். முதல் சில நாட்கள் சிணுங்குவான். விளக்கணைத்த பதினைந்து இருபது நிமிடங்களுக்குள் அவன் தூங்கிப்போவது மூன்று நான்கு இரவுகள் தொடர்ந்தால், நேரத்தைக் கால்மணி முன்னால் நகர்த்துங்கள். மறுபடி அது நிலைத்த பிறகு இன்னொரு கால்மணி. அரைமணிக்கு மேல் புரண்டுகொண்டிருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், முந்தைய நேரத்துக்கே திரும்புங்கள். காலையில் எழுப்பவே முடியாமல் நாள் முழுவதும் எரிச்சலாக இருந்தால், அவனுக்குக் கிடைக்கும் தூக்கம் போதவில்லை. இது எங்கே போய் நிற்கும்? இரவு ஒன்பதிலிருந்து ஏழு வரை பத்து மணி நேரம், மதியம் ஒன்றரை, மொத்தம் அதே பதினொன்றரை. எட்டரை உங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். ஒன்பது கிடைக்கும். பெரும்பாலும் இதைக் கெடுப்பது மாலை ஆறரைக்கு ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றபடி அவன் போடும் பத்து நிமிடக் குட்டித் தூக்கம்தான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அலறலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும் முந்நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் அடங்களைப் பெற்றோரிடம் விவரமாகக் கேட்டு 2003-ல் எழுதினார்கள். பெரும்பாலானவை ஐந்து நிமிடங்களுக்குள் முடிகின்றன. உதைப்பதும் கத்துவதுமான கோபம் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய் வடிகிறது, துக்கம் மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே உச்சத்தில் “உனக்குக் கோபம் வந்திருக்கிறது இல்லையா கண்ணா” என்று புத்தகம் சொல்லித்தந்த வசனத்தைப் பேசாதீர்கள். தலை எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கத்தல் விம்மலாக மாறும்போது எடுத்து அணைத்துக்கொள்ளுங்கள். அடங்கள் அடிக்கடி அரைமணி அளவுக்கு நீண்டால், தன்னையே கடித்தோ மோதியோ காயப்படுத்திக்கொண்டால், குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தினமும் குறட்டை விட்டாலும், வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினாலும் அப்படியே. மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு வீங்கியிருக்கும் குழந்தைக்கு எந்த நேர அட்டவணையும் உதவாது.

அழவிட்டால் மனம் உடையுமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மெல்போர்னில் 326 குழந்தைகளோடு தொடங்கி, அவர்களில் 225 பேரை ஆறு வயதில் சோதித்து, 2012-ல் வெளியான ஆய்வில் கேடும் தெரியவில்லை, நீடித்த நன்மையும் தெரியவில்லை. அங்கே தானாகத் தூங்கப் பழக்கும் பயிற்சி தொடங்கியது எட்டு மாதக் கைக்குழந்தைகளுக்கு. கட்டிலிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்து பாட்டியிடம் ஓடத் தெரிந்த பையனுக்கு அது பொருந்தாது. புத்தகம் ஒன்று வேண்டுமென்றால் ரிச்சர்ட் ஃபெர்பரின் ‘Solve Your Child’s Sleep Problems’, 1985-ல் வந்ததை விட்டுவிட்டு 2006-ன் திருத்திய பதிப்பு. அவரைக் குழந்தையை அழவிடச் சொன்னவர் என்று திட்டுகிறவர்களில் பலர் படிக்காதது அதில் தூக்க நேர ஒழுங்கைப் பற்றி உள்ள பகுதியை. நீங்கள் அதிலிருந்து தொடங்குங்கள், மற்றதை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

செல்லத்தைப் பற்றி உங்கள் மாமியார் சொன்னது தவறு, அதை விடுங்கள். ஆனால் நான் சொன்ன திட்டம் முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் அலுவலகத்தில் இருக்கும்போது ஒன்றரைக்குப் படுக்கவைத்து மூன்றுக்கு எழுப்ப வேண்டியவர் அவர். காலையிலிருந்து ஒரு சிறுவனுக்குப் பின்னால் ஓடி, பாத்திரமெல்லாம் ஒழித்துவைத்துவிட்டு மூன்றரைக்குத்தான் அவருக்கே கண்ணயர முடிகிறது என்று நினைக்கிறேன். பேரனின் தூக்கத்தை முன்னால் நகர்த்தினால் அவருடைய இரண்டு மணி நேர ஓய்வு போய்விடும். அதற்கு மாற்றாக மதிய வேலைகளில் எதைக் குறைப்பது, யாரை வைத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, கணவரைத் தூதனுப்பாமல் நீங்களே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கணக்குப் போட்ட காகிதத்தையும் எடுத்துப் போங்கள்.